பிடிஎஃப் அட்டவணையை எக்செல் விரிதாளுக்குள் நேரடியாக இறக்குமதி செய்தல்

பிடிஎஃப் அட்டவணை இறக்குமதி என்பது, பிடிஎஃப் கோப்பில் அச்சிட்டது போல் காணப்படும் அட்டவணையை மீண்டும் தட்டச்சு செய்யாமல், விரிதாள் மென்பொருளில் உள்ளமைந்த தரவு இறக்குமதி வசதியைக் கொண்டு வரிசைகளாகவும் நெடுவரிசைகளாகவும் எடுத்துக்கொள்ளும் முறையாகும். விண்டோசில் இயங்கும் மைக்ரோசாப்ட் 365 எக்செலில் இவ்வசதி `Data` பட்டியில் உள்ளது. இதன் பின்னணியில் இயங்கும் பகுதிக்குப் பவர் குவெரி என்று பெயர். எக்செல் 2016, 2019 ஆகிய பதிப்புகளில் பிடிஎஃப் இறக்குமதி இல்லை. கூகுள் சீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றிலும் இதற்கு நிகரான உள்ளமைந்த வசதி இல்லை. லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப் கோப்பைத் திறந்தால், அது விரிதாளாகத் திறக்காமல் டிரா என்னும் வரைகலைப் பகுதியிலேயே திறக்கும்.

இறக்குமதி செய்வதற்குச் சில சொடுக்குகள் போதும். ஆனால் வந்து சேர்ந்த எண்களும் நாள்களும் மூலத்தில் உள்ளவைதாமா என்பது தனிக் கேள்வி. ஒரு வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இறக்குமதி செய்யும் படிகளையும் அதைச் சரிபார்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

## பிடிஎஃப் கோப்பில் அட்டவணை இருக்கும் விதம்

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே கோப்புக்குள் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் "இந்த எழுத்து, பக்கத்தின் இந்த இடத்தில், இந்த அளவில்" என்ற குறிப்புகளே. கோடுகளும் அவ்வாறே தனித்தனியாக வரையப்படுகின்றன. "இது மூன்றாவது வரிசை, நான்காவது நெடுவரிசை" என்ற செய்தி பெரும்பாலான கோப்புகளில் இருப்பதில்லை.

எனவே எக்செல் அட்டவணையைப் படிப்பதில்லை, ஊகிக்கிறது. எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளி, மேலும் கீழும் ஒரே நேராக அமைந்த சொற்கள், வரையப்பட்ட கோடுகள் ஆகியவற்றைக் கொண்டு எல்லைகளைத் தீர்மானிக்கிறது. கட்டங்கள் தெளிவாக உள்ள அட்டவணையில் ஊகம் பெரும்பாலும் சரியாக அமையும். ஒரு கலத்துக்குள் இரண்டு வரி எழுதியிருந்தாலோ, ஒரு பக்கத்தில் ஒரு நெடுவரிசை முழுவதும் வெறுமையாக இருந்தாலோ ஊகம் பிசகும்.

## தொடங்குமுன் செய்யவேண்டிய இரு சோதனைகள்

முதல் சோதனை, கோப்பில் உண்மையிலேயே எழுத்துகள் உள்ளனவா என்பது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அட்டவணையில் ஒரு சொல்லின் மீது சுட்டியை இழுத்தால் அந்தச் சொல் மட்டும் நிறம் மாறித் தேர்வாக வேண்டும். பக்கம் முழுவதும் ஒரே படமாகத் தேர்வானாலோ, எதுவுமே தேர்வாகாவிட்டாலோ, அது ஒளிவருடி மூலம் எடுத்த படமாகும். எக்செலின் பிடிஎஃப் இறக்குமதி படத்திலிருந்து எழுத்துகளைக் கண்டறியாது. அத்தகைய கோப்பை முதலில் எழுத்துணரி மென்பொருள் வழியாக மாற்றிய பின்னரே இங்குக் கொண்டுவர முடியும்.

இரண்டாவது சோதனை கடவுச்சொல். வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் அறிக்கைகள் பெரும்பாலும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். பூட்டிய கோப்பை எக்செல் இவ்வழியில் திறக்காது. உலாவியில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, அச்சிடும் கட்டளையில் `Save as PDF` என்பதைத் தேர்ந்து பூட்டில்லாத படி ஒன்றைச் சேமிக்கலாம். அந்தப் படியில் எழுத்துகள் தேர்வாகின்றனவா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவது பாதுகாப்பானது.

## எடுத்துக்காட்டு அறிக்கை

ஒரு நூலக வாசகர் வட்டம் தன் ஆண்டுக் கணக்கை உறுப்பினர் கூட்டத்தில் படிக்கவேண்டியுள்ளது என்று கொள்வோம். வங்கி அளித்த அறிக்கை மூன்று பக்கங்கள். காலம் 01/04/2024 முதல் 31/03/2025 வரை. அதன் முதல் சில வரிசைகள், தலைப்புகளைத் தமிழாக்கினால், பின்வருமாறு அமையும்:

| நாள் | விவரம் | காசோலை எண் | பற்று | வரவு | இருப்பு |
|---|---|---|---|---|---|
| 01/04/2024 | தொடக்க இருப்பு | | | | 12,450.00 |
| 03/04/2024 | உறுப்பினர் சந்தா | | | 1,500.00 | 13,950.00 |
| 05/04/2024 | நாளிதழ் கட்டணம் | 004217 | 640.00 | | 13,310.00 |
| 13/04/2024 | நூல் கொள்முதல் | 004218 | 2,275.00 | | 11,035.00 |
| 22/04/2024 | நன்கொடை | | | 5,000.00 | 16,035.00 |

கணக்கில் ஒரு வரிசை விடுபட்டாலும், ஒரு தொகை வரவுக்குப் பதிலாகப் பற்றில் விழுந்தாலும், பொருளாளர் கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

## இறக்குமதி செய்யும் படிகள்

1. புதிய விரிதாளைத் திறந்து `Data` > `Get Data` > `From File` > `From PDF` என்ற வரிசையில் சொடுக்க வேண்டும். பட்டியலில் `From PDF` இல்லாவிட்டால் அந்தப் பதிப்பில் இவ்வசதி இல்லை என்று பொருள்.
2. கோப்பைத் தேர்ந்து `Import` பொத்தானைச் சொடுக்கினால் `Navigator` என்ற சாளரம் திறக்கும். அதன் இடப்பக்கத்தில் `Table001 (Page 1)` போன்ற பெயர்களும் `Page001` போன்ற பெயர்களும் இருக்கும். முதல் வகை, எக்செல் அட்டவணை என்று கண்டுகொண்ட பகுதி. இரண்டாம் வகை, அந்தப் பக்கத்தில் உள்ள எழுத்துகள் அனைத்தும்.
3. ஒவ்வொரு பெயரையும் சொடுக்கி, வலப்பக்க முன்தோற்றத்தைப் பார்க்க வேண்டும். முகவரிக் கட்டம்கூட ஓர் அட்டவணையாகக் காட்டப்படலாம் என்பதால், பெயரை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது.
4. சரியான அட்டவணையைத் தேர்ந்தபின் `Load` என்பதைச் சொடுக்காமல் `Transform Data` என்பதைச் சொடுக்க வேண்டும். `Load` நேரே விரிதாளில் கொட்டிவிடும். `Transform Data` திருத்துவதற்கு வாய்ப்புத் தரும் பவர் குவெரி சாளரத்தைத் திறக்கும்.

பல பக்க அட்டவணையை எக்செல் ஒன்றாக இணைக்க முயலும். இணைத்துவிட்டால் பெயர் `Table001 (Page 1-3)` என்பது போல் அமையும். இணைக்காவிட்டால் மூன்று தனி அட்டவணைகள் தெரியும். அப்போது `Select multiple items` என்ற கட்டத்தைக் குறியிட்டு மூன்றையும் தேர்ந்து, பவர் குவெரியில் `Home` > `Append Queries` மூலம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. `Append Queries` நெடுவரிசைகளை அவற்றின் பெயரைக்கொண்டு பொருத்துகிறது, இடத்தைக்கொண்டு அல்ல. இரண்டாம் பக்கத்தில் காசோலையே இல்லாவிட்டால் எக்செல் அந்த நெடுவரிசையைக் காணாமல், ஆறுக்குப் பதில் ஐந்து நெடுவரிசைகளை மட்டும் தரக்கூடும். முதல் பக்கத்தில் `Column4` என்பது பற்று. இரண்டாம் பக்கத்தில் அதே பெயர் வரவைக் குறிக்கும். அப்படியே அடுக்கினால் வரவெல்லாம் பற்றாகிவிடும். ஆகவே அடுக்குவதற்கு முன்பே ஒவ்வோர் அட்டவணையிலும் நெடுவரிசைகளுக்குச் சரியான பெயரிட்டுவிட வேண்டும்.

நீண்ட கோப்பில் சில பக்கங்கள் மட்டும் போதுமென்றால், `Source` என்ற படியின் வாய்பாட்டில் பக்க எல்லையைச் சேர்க்கலாம்:

```
= Pdf.Tables(File.Contents("D:\Kanakku\arikkai.pdf"), [Implementation="1.3", StartPage=2, EndPage=4])
```

## பவர் குவெரியில் திருத்துதல்

சாளரத்தின் வலப்பக்கத்தில் `Applied Steps` என்ற பட்டியல் இருக்கும். இதுவரை செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் அதில் ஒரு படியாகப் பதிவாகியிருக்கும். தலைப்பு வரிசை, தலைப்பாகாமல் தரவோடு சேர்ந்து நின்றால் `Use First Row as Headers` என்பதைச் சொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தலைப்பு அச்சாகியிருந்தால், இடையிடையே அதே சொற்கள் வரிசைகளாக வரும். நாள் நெடுவரிசையின் வடிகட்டியில் அந்தத் தலைப்புச் சொல்லின் குறியை நீக்கினால் அவை மறையும். பக்கக் கூட்டுத்தொகை வரிசைகளையும் இவ்வாறே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தம் இருமுறை கூட்டப்படும்.

அடுத்து, தரவு வகை. பவர் குவெரி பல நேரங்களில் `Changed Type` என்ற படியைத் தானாகவே சேர்த்து, எண்போல் தெரிவதை எண்ணாகவும் நாள்போல் தெரிவதை நாளாகவும் மாற்றிவிடும். இந்த உதவியே பிழைகளுக்கும் காரணமாகிறது. 004217 என்ற காசோலை எண் 4217 ஆகிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரையே துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், அதைவிட நீண்ட கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும். இவற்றைத் தவிர்க்க, அந்தப் படியின் முன் உள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கி முழுப் படியையும் நீக்கிவிட்டு, வகைகளை ஒவ்வொன்றாக அமைப்பது நல்லது. காசோலை எண்ணும் கணக்கு எண்ணும் `Text`. பற்று, வரவு, இருப்பு ஆகியவை `Decimal Number`.

இருப்புத் தொகையுடன் `Cr` என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால், எண்ணாக மாற்றும்போது `Error` என்று வரும். முன்னதாக `Replace Values` மூலம் அதை வெறுமையாக்க வேண்டும். `Dr` என்று எங்கேனும் இருந்தால் அது கடன் இருப்பு. அதை வெறுமனே நீக்கினால் குறை இருப்பு, நிறை இருப்பாகத் தோன்றும் என்பதால், அந்த வரிசைகளில் எதிர்க்குறி இட வேண்டும்.

### நாள் மாற்றத்தில் உள்ள பொறி

கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 03/04/2024 என்பது ஏப்ரல் 3 ஆகாது, மார்ச் 4 ஆகும். 05/04/2024 மே 4 ஆகும். 13/04/2024 என்பதற்கு 13ஆம் மாதம் இல்லாததால் `Error` என்று வரும். பார்ப்பவர் கண்ணில் படுவது இந்தப் பிழை மட்டுமே. அதைக் கையால் திருத்திவிட்டு நகர்ந்தால், 12ஆம் தேதிக்கு உட்பட்ட நாள்கள் அமைதியாகத் தவறாகவே நின்றுவிடும்.

சரியான வழி, நாள் நெடுவரிசை எழுத்து வகையில் இருக்கும்போதே அதன் தலைப்பில் வலச்சொடுக்கிட்டு `Change Type` > `Using Locale` என்பதைத் தேர்வது. வகையாக `Date` என்பதையும் வட்டாரமாக `English (India)` என்பதையும் கொடுத்தால், கணினியின் அமைப்பு எதுவாக இருந்தாலும் முதலில் நாள், பிறகு மாதம் என்றே படிக்கப்படும். ஏற்கனவே தவறாக நாள் வகைக்கு மாறிய நெடுவரிசையில் இதைச் செய்து பயனில்லை. பழைய படியை நீக்கிவிட்டே செய்ய வேண்டும்.

திருத்தங்கள் முடிந்ததும் `Close & Load` சொடுக்கினால் அட்டவணை விரிதாளில் அமரும். மாற்ற முடியாத கலங்கள் விரிதாளில் வெறுமையாக வரும் என்பதால், வலப்பக்கம் திறக்கும் `Queries & Connections` பகுதியில் எத்தனை பிழைகள் என்று காட்டப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

## வந்தது சரிதானா என்று அறிதல்

வங்கி அறிக்கையில் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைச் சரிபார்க்கிறது. முந்தைய இருப்பிலிருந்து பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் இப்போதைய இருப்பு வரவேண்டும். A முதல் F வரை ஆறு நெடுவரிசைகள் இருப்பதாகக் கொண்டு, G நெடுவரிசையை வெறுமையாக விட்டு, H3 கலத்தில் கீழ்க்காணும் வாய்பாட்டை இட்டுக் கடைசி வரிசைவரை இழுக்க வேண்டும்:

```
=ROUND(F2-D3+E3-F3,2)
```

எல்லா வரிசைகளிலும் சுழியம் வந்தால் தொகைகள் சரி. சுழியம் அல்லாத எண் வந்தால், அந்த எண்ணே பிழையின் வகையையும் சொல்லிவிடும்.

* விடுபட்ட வரிசை: 13/04/2024 வரிசை வராமல் போனால், நன்கொடை வரிசையில் 13,310 + 5,000 − 16,035 = 2,275 என்று வரும். விடுபட்ட தொகை அதுவே. நிறை எண் என்றால் விடுபட்டது பற்று, குறை எண் என்றால் வரவு.
* இடம் மாறிய தொகை: 5,000 வரவில் விழாமல் பற்றில் விழுந்தால், 11,035 − 5,000 − 16,035 = −10,000 என்று வரும். வேறுபாடு, அந்த வரிசையின் தொகையைப்போல் இருமடங்கு.
* உடைந்த வரிசை: நூல் கொள்முதல் பற்றிய விவரம் இரண்டு வரியாக அச்சாகி, ஒரு வரி தனி வரிசையாகப் பிரிந்து மேலே வந்தால், அதன் இருப்புக் கலம் வெறுமையாக இருக்கும். அங்கே 13,310 என்றும் அடுத்த வரிசையில் −13,310 என்றும் வரும். ஒரே எண் நிறையும் குறையுமாக அடுத்தடுத்து வந்தால் காரணம் இதுவே. விவரத்தின் அந்தப் பகுதி தேவையில்லை எனில், பவர் குவெரியில் இருப்பு நெடுவரிசையை வடிகட்டி `null` உள்ள வரிசைகளை நீக்கலாம்.

இச்சோதனைக்குத் தப்பும் பிழைகள் இரண்டு உண்டு. எழுத்து வகையில் நின்றுவிட்ட எண்களை எக்செல் மேற்கண்ட கழித்தலில் எண்ணாகக் கொள்ளும். `SUM` வாய்பாட்டிலோ அவற்றைக் கணக்கில் எடுக்காது. ஆகவே பற்று, வரவு நெடுவரிசைகளின் கூட்டுத்தொகையை அறிக்கையின் முடிவில் அச்சாகியுள்ள மொத்தத்தோடு தனியே ஒப்பிட வேண்டும். கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண், எழுத்து வகையில் இருப்பதற்கு அடையாளம்.

மற்றது நாள். இருப்புக் கணக்கில் நாளுக்குப் பங்கில்லை. `=MIN(A:A)`, `=MAX(A:A)` ஆகிய இரண்டையும் வெற்றுக் கலங்களில் இட்டு, நாள் வடிவில், மாதப் பெயருடன் காட்டச் செய்ய வேண்டும். அறிக்கையின் காலம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை என்றிருக்க, மிகக் குறைந்த நாள் 2024 சனவரி 4 என்று வந்தால், 01/04/2024 என்பது தலைகீழாகப் படிக்கப்பட்டது உறுதி.

## தமிழ் எழுத்துள்ள அட்டவணைகள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. அக்கோப்புகளில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. இறக்குமதி செய்தால் எண்கள் சரியாக வரும், பெயர்களோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். அவற்றை எழுத்துரு மாற்றி மூலம் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

ஒருங்குறியில் உருவாக்கிய பிடிஎஃப் கோப்புகளிலும் சிக்கல் வரலாம். பக்கத்தில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் வரையப்படுகிறது. ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னால் எழுதப்படுகிறது. சில கோப்புகளிலிருந்து எடுக்கும்போது வரையப்பட்ட வரிசையே வந்துவிடுகிறது. கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே சொல்லாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு சொல் என்பதால், `VLOOKUP` அந்தப் பெயரைக் கண்டுபிடிக்காது. பெயர்களை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் இறக்குமதிக்கு முன்பே இது தெரிந்துவிடும்.

## அடுத்த அறிக்கைக்குப் பயன்படுத்தல்

`Applied Steps` பட்டியலில் உள்ள படிகள் விரிதாளோடு சேமிக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டின் அறிக்கையை அதே கோப்புறையில் அதே பெயரில் வைத்து `Data` > `Refresh All` சொடுக்கினால், எல்லாத் திருத்தங்களும் மறுபடி தாமாக நடக்கும். கோப்பின் இடமோ பெயரோ மாறினால், பவர் குவெரியில் `Data source settings` > `Change Source` வழியாகப் புதிய இடத்தைக் கொடுக்கலாம்.

ஆனால் அட்டவணை தேடப்படுவது `Table001` போன்ற எண்ணிட்ட பெயரால்தான். புதிய அறிக்கையின் முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்புக் கட்டம் கூடுதலாக இருந்தால், நேற்றுவரை முதலாவதாக இருந்த கணக்கு அட்டவணை இரண்டாவதாகிவிடும். அறிக்கை நான்கு பக்கமாக நீண்டால், தனித்தனியாகச் சேர்த்த மூன்று அட்டவணைகளில் நான்காவது பக்கம் இடம்பெறாது. எந்த எச்சரிக்கையும் இன்றி, கணக்கு பிப்ரவரியோடு நின்றுவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறை புதுப்பித்த பின்னும் H நெடுவரிசையைக் கடைசி வரிசைவரை நீட்டி, இறுதி இருப்பு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியுள்ள இறுதி இருப்புடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.